"நான் இன்னாத்த பேசறது?": தாத்தா ஆயாக்களுக்கு இரண்டு முறை எழுதப்பட்ட ஓர் அழைப்புக் கடிதம்

பின்னணி

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 46 பிள்ளைகள், தலைமையாசிரியரோடு சேர்த்து மூன்று ஆசிரியர்கள். ஊரில் பெரும்பாலான வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். சில வீடுகளில் தெலுங்கு, நான்கைந்து வீடுகளில் உருது. அப்பா அம்மாக்களில் பலர் விடியற்காலை பஸ்ஸில் தோல் கம்பெனிக்கும் செருப்புக் கம்பெனிக்கும் போய்விடுவதால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிச் சாயங்காலம் கூட்டிப் போவது வீட்டுப் பெரியவர்கள்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும், அந்தப் பெரியவர்களை ஒரு காலை பள்ளிக்கு அழைத்து, சிறுவயதில் விளையாடிய விளையாட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்ல வைப்பது என்று ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். அதற்கான அழைப்புக் கடிதம் முதல் முறை பலிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வேறு விதமாக எழுதிய கடிதம் பலித்தது. இடையில் எது மாறியது என்பதே இந்தப் பதிவு.

முதல் கடிதம்

வெள்ளிக்கிழமை மாலை, கணினியில் அடித்து நகல் எடுத்த கடிதம் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் வைக்கப்பட்டது. நிகழ்ச்சி திங்கட்கிழமை. கடிதம் இது:

> அன்புடையீர், வணக்கம். எதிர்வரும் திங்கட்கிழமை காலை 9.30 மணியளவில் நமது பள்ளி வளாகத்தில் பாரம்பரிய விளையாட்டுகள் என்னும் தலைப்பில் கதை சொல்லும் நிகழ்ச்சி நடைபெற உள்ளது. மாணவர்களின் தாத்தா பாட்டியர் கலந்துகொண்டு, தங்களின் மகிழ்ச்சியான இளமைக்கால விளையாட்டு அனுபவங்களைப் பகிர்ந்து நிகழ்ச்சியைச் சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, தலைமையாசிரியர்.

பிழையில்லாத கடிதம்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அனுப்பும் கடிதமும் இதே நடையில்தான் இருக்கும்.

வந்தவர்கள் ஐந்து பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். அவர் நின்றபடி 25 நிமிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார், விளையாட்டைப் பற்றி இரண்டே வரி. மற்ற நால்வரும் பெண்கள். வகுப்பறைச் சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்க சொல்லுங்கம்மா" என்று டீச்சர் கேட்டபோது ஒரு அம்மா சொன்னது: "நான் இன்னாத்த பேசறது? எனுக்குப் படிப்பு கெடையாது." பத்தரை மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. பிள்ளைகள் ஒரு விளையாட்டைக்கூட விளையாடவில்லை.

வராதவர்களிடம் கேட்டது

ஊரில் இப்படி ஏதாவது நடந்து ஆள் வராவிட்டால், "இவங்களுக்கு அக்கறை இல்லை" என்று முடித்துவிடுவது வழக்கம். இங்கே அப்படி விடவில்லை. அடுத்த வாரம் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெரியவர்களிடம் ஆசிரியர்கள் பள்ளி கேட்டிலேயே நின்று பேசினார்கள். "ஏன் வரல?" என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் "ஒடம்பு சரியில்ல" என்பதுதான் பதிலாக வரும். "அந்த லெட்டர் உங்க கைக்கு வந்துதா?" என்று மட்டும் கேட்டார்கள். மீதியை அவர்களே சொன்னார்கள்.

பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடிதம் வந்த விஷயமே தெரியவில்லை. "அன்புடையீர்" என்று தொடங்கும் அச்சுத்தாளை அப்பாவோ அம்மாவோ வாங்கிப் பார்த்து, பணம் கட்டச் சொல்லவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை என்றதும் மடித்து வைத்துவிட்டார்கள். சில வீட்டில் அது பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

தெரிந்தும் வராதவர்களுக்குத் தடையாக இருந்தது நேரம். ஊரில் அப்போது நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று என இரண்டு போட்டோ எடுத்து வருகை பதிந்தார்கள். காலைப் போட்டோவில் இல்லாதவருக்கு அன்றைய கூலி போச்சு. 9.30 மணி நிகழ்ச்சிக்கு வருவது என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவதுதான். திங்கட்கிழமை என்பதும் இடித்தது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள் அது. பென்ஷன் நின்றுபோன இரண்டு பேர் அன்று வேலூருக்குப் போயிருந்தார்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அது கடிதத்தின் சொற்களுக்குள்ளேயே இருந்தது. "தலைப்பில்", "அனுபவங்களைப் பகிர்ந்து" என்றதும் மேடை, மைக் என்று புரிந்துகொண்டார்கள். "சிறப்பிக்குமாறு" என்ற சொல்லைக் கேட்டு, குத்துவிளக்கு ஏற்றும் விழா என்று நினைத்தவர் ஒருவர். அவர் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகவில்லை. "நான் வந்து நிக்கலாமா கூடாதான்னு தெரியல, அதான்" என்றார். இன்னொரு அம்மாவைத் தள்ளி நிறுத்தியது "மகிழ்ச்சியான" என்ற ஒரு சொல். எட்டு வயதிலிருந்து பீடி சுற்றியவர் அவர். "நாங்க எங்க வெளையாடினோம்? முறத்தை மடியில வச்சிக்கினு ஒக்காந்தா சாயங்காலந்தான் ஏந்திருப்போம். அதைப் போயி புள்ளைங்க கிட்ட சொல்ல முடியுமா?"

குடியாத்தம் பக்கத்துத் தீப்பெட்டி வேலையும் பீடியும் வீட்டுக்குள்ளேயே நடந்த ஊர்களில், அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு இதுதான் சிறுவயது. விளையாடிய குழந்தைப் பருவம் எல்லாருக்கும் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதிய கடிதம், அது கிடைக்காதவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. முதல் கடிதத்தின் பெரிய குறை இதுதான். நேரத்தை மாற்றுவது சுலபம். இப்படி ஒரு பிழை நடந்திருப்பது, கேட்காவிட்டால் தெரியவே தெரியாது.

இரண்டாவது கடிதம்: எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கடிதத்தை அச்சடிப்பதில்லை, பிள்ளைகளே எழுதுவது. அதுவும் கண்ணால் படிக்க இல்லை, காதால் கேட்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளை அதைத் தன் பெரியவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் பேச்சு போலக் கேட்க வேண்டும் என்பதால், எழுத்துத் தமிழை விட்டுவிட்டுப் பேச்சுத் தமிழில் எழுதுவது என்று தீர்மானித்தார்கள். மொழிப்பாடத்தில் இப்படி எழுத விடலாமா என்று ஓர் ஆசிரியர் தயங்கினார். கடைசியில், இது கட்டுரை இல்லை, ஒருவரைக் கூப்பிடும் குரல் என்பதால் ஒத்துக்கொண்டார். 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து முழுக் கடிதத்தையும் எழுதினார்கள். அதற்கு ஒரு பாடவேளை பிடித்தது. 3ஆம் வகுப்பு பாதி எழுதியது. 1, 2ஆம் வகுப்புக்கு டீச்சர் எழுதிக் கொடுத்தார். முதல் சொல்லையும் கடைசியில் தங்கள் பெயரையும் மட்டும் பிள்ளைகள் எழுதினார்கள்.

அந்த முதல் சொல்லைக் காலியாக விட்டதுதான் எல்லாவற்றிலும் நல்ல முடிவு. வட ஆர்க்காட்டு வீடுகளில் பாட்டியைப் பாட்டி என்று கூப்பிடும் பிள்ளை குறைவு, ஆயா என்பதே வழக்கம். சத்துணவுக் கூடத்தில் உதவி செய்பவரையும் பிள்ளைகள் ஆயா என்றே கூப்பிடுவதால், அச்சுக் கடிதத்தில் அந்தச் சொல்லைப் போட ஆசிரியர்கள் தயங்கியிருந்தார்கள். காலியிடம் விட்டதும் பிள்ளைகள் தாங்கள் கூப்பிடுகிறபடியே எழுதினார்கள்: "அன்புள்ள ஆயா", தெலுங்கு வீட்டிலிருந்து "அன்புள்ள அவ்வா", உருது வீட்டிலிருந்து "அன்புள்ள தாதி", இன்னொன்றில் "அன்புள்ள காட்பாடி தாத்தா". தாத்தா ஆயா உயிரோடு இல்லாத பிள்ளைகள் ஆறு பேர். அவர்களிடம் தனியாகக் கேட்டபோது "மளிகைக் கடை ஆயா", "எதிர்வீட்டுத் தாத்தா" என்று அவர்களே ஆள் சொன்னார்கள்.

கடிதம்:

> அன்புள்ள ____________,
>
> வர்ற வியாழக்கிழமை எங்க ஸ்கூலுக்கு வாங்க. காலையில 10 மணிக்கு வந்தா 11.30க்கு வீட்டுக்குப் போயிடலாம்.
>
> மேடை கிடையாது, மைக் கிடையாது. விளக்கு ஏத்தறது, சால்வை போடறது எதுவும் கிடையாது. வேப்பமரத்துக்குக் கீழ நாங்க ஆறு பேர் உங்களச் சுத்தி உக்காருவோம். நீங்க என் வயசுல விளையாடின ஒரே ஒரு ஆட்டத்தை எங்களுக்குக் காட்டணும். எங்க விளையாடினீங்க, யார்கூட விளையாடினீங்க, யார்கிட்ட தோத்தீங்கன்னு சொல்லணும்.
>
> வேலைக்குப் போனதால விளையாட நேரம் கிடைக்கலன்னாலும் வாங்க. மத்தவங்க விளையாடினதைப் பாத்திருப்பீங்க. வேலை செய்யும்போது பேசிச் சிரிச்சிருப்பீங்க. அதைச் சொல்லுங்க.
>
> கீழ உக்கார முடியலன்னா நாற்காலி இருக்கு. எதுவும் வாங்கிட்டு வரவேணாம். கட்டியிருக்கிற துணியோட வாங்க. நான் கேட்டுல நிக்கிறேன்.
>
> உங்க ____________

"பாரம்பரிய விளையாட்டு அனுபவங்கள்" என்ற இடத்தில் "ஒரே ஒரு ஆட்டம்" வந்ததைக் கவனிக்கலாம். சிறுவயதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் யாருக்கும் வாய் வராது. ஓர் ஆட்டத்தைக் காட்டுங்கள் என்றால் கை முதலில் வேலை செய்யும், பேச்சு பின்னால் வரும். "யார்கிட்ட தோத்தீங்க" என்ற கேள்வியை நன்றாக யோசித்தே போட்டார்கள். ஜெயித்த கதை ஒரு வரியில் முடிந்துவிடும். தோற்ற கதையில் ஆள் இருக்கும், இடம் இருக்கும், கோபம் இருக்கும்.

நாள் குறிக்கும் முன், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டு, இந்தத் தெருக்களுக்கு வேலை இல்லாத வாரத்தைத் தெரிந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இருப்பதால் அதை விட்டு வியாழன். பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, மாட்டை ஓட்டிக் கட்டிவிட்டு வர நேரம் வேண்டும் என்று 10 மணி. கடிதம் முந்தைய வியாழனே போனது. அடியில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பல்லாங்குழி, ஐந்தாங்கல், தாயம், பம்பரம், கில்லி என ஐந்து படமும் "வேற" என்று ஒரு கட்டமும். பெரியவர் சொல்வதைப் பிள்ளை டிக் அடித்துத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். 19 சீட்டு திரும்பி வந்தது.

அந்தக் காலை

16 பேர் வந்தார்கள். அதில் ஆண்கள் மூன்று பேர். சொன்னபடி பிள்ளைகள் கேட்டில் நின்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். எட்டு இடம் பிரித்து, ஓர் இடத்துக்கு இரண்டு பெரியவர், ஐந்தாறு பிள்ளைகள். இரண்டு பேராக உட்கார வைத்தது நன்றாக வேலை செய்தது. ஒருவர் தயங்கும்போது மற்றவர் எடுத்துக் கொடுத்தார், சில இடத்தில் மறுத்தும் பேசினார்.

பல்லாங்குழி இடத்தில் அந்த மறுப்பு உடனே வந்தது. பலகை ஒன்றுதான் இருந்ததால் இன்னொரு ஆட்டத்துக்குத் தரையில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழி தோண்டியிருந்தார்கள். ஒரு ஆயா குழிக்கு 5 காய் என்று 70 போட்டார். பக்கத்திலிருந்த அவ்வா, தங்கள் வீட்டில் குழிக்கு 6, மொத்தம் 84 என்றார். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், பலகையில் ஐந்தும் தரையில் ஆறுமாக ஆட விட்டார் டீச்சர். ஆடும் முறையில் இருவருக்கும் பேதம் இல்லை: ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும், அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். பசுவைக் கவனிக்காமல் ஆட்டம் போய்விட்டால் அடுத்த காய் விழுந்து ஐந்தாகிவிடும். அதனால் பிள்ளைகள் எண்ணாமலே, பார்த்த பார்வையில் நாலைத் தெரிந்துகொள்ளப் பழகினார்கள்.

இங்கேதான் கடிதத்தின் ஒரு குறையும் தெரிந்தது. "எதுவும் வாங்கிட்டு வரவேணாம்" என்று எழுதியும், ஒரு ஆயா தன்னிடம் பல வருஷமாக இருந்த காயைச் சுருக்குப் பையில் கொண்டு வந்திருந்தார். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி. முழுசும் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு, இது வேறு. குன்றிமணிக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. மேல்தோல் கெட்டியாக இருக்கும்வரை அது வெளியே வராது. கடித்தாலோ, கோப்பதற்குத் துளையிட்ட விதையாக இருந்தாலோ ஆபத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எதையும் வாயில் போடும் வயது. டீச்சர் அதை அப்படியே பிடுங்கிவிடவில்லை. ஆயாவோடு உட்கார்ந்து எண்ணி, "இத்தனை இருக்கு ஆயா, போகும்போது எண்ணி வாங்கிக்கோங்க" என்று மூடி போட்ட டப்பாவில் வைத்து அலமாரியில் பூட்டினார். ஆட்டத்துக்குப் புளியங்கொட்டை கொடுத்தார்கள். ஆயாவுக்குச் சின்ன வருத்தம் இருந்தது. காரணத்தைச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார்.

ஐந்தாங்கல் இடத்தில் நாற்காலி போட்டது தவறு. உட்கார்ந்த உயரத்திலிருந்து கல்லை வீசி எடுக்க முடியாது. முட்டிவலி என்று சொல்லி வந்த அம்மா, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தானே கீழே காலை நீட்டி உட்கார்ந்தார். பள்ளி வைத்திருந்த ஜல்லிக் கல்லைத் தொட்டுப் பார்த்து ஒதுக்கினார். முனை குத்தும், பிடிக்கும்போது விரல் கிழியும் என்றார். ரொம்ப வழுவழுப்பான கல்லும் ஆகாது, புறங்கையில் நிற்காமல் சறுக்கிவிடும். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிக் கொட்டைப்பாக்கு அளவில், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் கல்லைப் பொறுக்கி வரச் சொன்னார். அந்தத் தேடலிலேயே கதை வந்துவிட்டது. பாலாற்று மணலில் ஆடு மேய்க்கும்போது இப்படித்தான் கல் தேடியது, நல்ல அஞ்சு கல் கிடைத்தால் முந்தானையில் முடிந்து வைத்தது, அதைத் திருடிய தோழியோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தது. அந்தத் தோழி அன்று தாயக்கட்டை இடத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஓடிப்போய் "நீங்கதான் கல்லு எடுத்தீங்களா?" என்று அவரிடமே கேட்டார்கள்.

கில்லியைச் சீட்டில் டிக் அடித்திருந்த தாத்தாவிடம் முந்தின நாளே பேசிவைத்திருந்தார்கள். புள் என்னும் சின்னக் குச்சி பறந்து கண்ணில் பட்டால் பார்வை போகும். அதனால் பிள்ளைகள் எல்லாரும் அவருக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளிக் கோட்டுக்கு வெளியே, அடிப்பது ஆளில்லாத மதிற்சுவர்ப் பக்கம், அடிப்பவர் அவர் மட்டும். அவர் மூன்று முறை அடித்துக் காட்டினார். பிறகு கிட்டி என்னும் நீளக் குச்சியால் தரையை அளந்து எண்ணும் வேலையைப் பிள்ளைகள் செய்தார்கள்.

பீடி சுற்றிய அம்மா வந்திருந்தார். அவர் சீட்டில் "வேற" என்ற கட்டத்தில் டிக் இருந்தது. என்ன காட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. பழைய காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி, இலை அளவுக்குக் கிழித்து, உள்ளே எதுவும் வைக்காமல் சுருட்டி முனை மடித்துக் காட்டினார். 25 சேர்ந்தால் ஒரு கட்டு. நாலு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் தொடங்கி, யார் முதலில் கட்டு முடிக்கிறார்களோ அவர் மற்ற மூவரையும் ஒரு விடுகதை போட்டு மடக்கலாம். கடைசியாக முடிப்பவர் எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். "இது வெளையாட்டான்னு எனுக்குத் தெரியாது. இப்படித்தான் பொழுது போச்சு" என்றார். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்போ நீங்க ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்டாள். "போவல" என்றார். டீச்சர் குறுக்கே வந்து எதையும் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதுதான் சரி.

பிறகு

வந்தவர்களில் நான்கு பேர் அடுத்தடுத்த வாரங்களில் மாலை கூட்டிப்போக வரும்போது, கூப்பிடாமலே கால் மணி நேரம் முன்னதாக வந்து மரத்தடியில் பிள்ளைகளோடு ஆடினார்கள். தரையில் தோண்டிய பதினான்கு குழியையும் மூடவில்லை. 3ஆம் வகுப்பு ஆசிரியர் பல்லாங்குழியைக் கூட்டல் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார். போட்டோ எடுக்க ஒப்புக்கொள்ளாத இரண்டு பேரின் படங்கள் எடுக்கப்படவில்லை.

சீட்டு கொடுத்தும் வராத மூவரில் இருவருக்கு அன்று சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் செக்கப். ஒருவர் தேதியை மறந்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் பிள்ளை நினைவுபடுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்கு வரவில்லை.

அடுத்த முறை மாற்றப்போவது

ஓர் இடத்துக்கு 20 நிமிடம், மூன்று சுற்று என்று வைத்தது போதவில்லை. பல்லாங்குழியில் ஆட்டம் புரியவே பன்னிரண்டு நிமிடம் போனது. சூடு பிடிக்கும்போது விசில் அடித்துப் பிள்ளைகளை எழுப்ப வேண்டியிருந்தது, இரண்டு கதை பாதியில் நின்றது. இனி 30 நிமிடம், இரண்டே சுற்று.

கடிதத்தில் ஒரு வரி சேரும்: "காய் வச்சிருந்தீங்கன்னா புளியங்கொட்டை, சோழி கொண்டு வாங்க. குன்றிமணி மட்டும் வேணாம், சின்னப் பிள்ளைங்க வாயில போட்டா விஷம்." ஐந்தாங்கல்லுக்கு நாற்காலிக்குப் பதில் பாயும், சாய்ந்துகொள்ளச் சுவரும்.

தாத்தாக்கள் மூவர் மட்டுமே வந்ததற்கான காரணம் சீட்டிலேயே தெரிந்தது. ஐந்து படங்களில் ஆண்கள் அதிகம் ஆடியது பம்பரமும் கில்லியும்தான். கில்லிக்குக் கட்டுப்பாடு சொன்னதும், பம்பரத்துக்குச் சாட்டையும் ஆணி அடித்த பம்பரமும் கையில் இல்லாததும் சிலரை நிறுத்தியிருக்கிறது. அடுத்த சீட்டில் ஆடுபுலி ஆட்டமும் நுங்கு வண்டியும் சேரும். நுங்கு வண்டிக்குப் பனங்காய் வேண்டும் என்பதால் நிகழ்ச்சியைக் கோடை லீவுக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளுவதாக முடிவு. அப்போது வேலூர் வெயில் பத்து மணிக்கே ஏறிவிடும் என்பதால் நேரம் 8.30. பால் ஊற்றும் வேலையோடு அது மோதுமா என்று சொசைட்டியில் கேட்டுவிட்டுத்தான் கடிதம் எழுதப்படும்.